‘யாழ்ப்பாணம்’ மட்டும் உடைகிறது: பின்சுட்டுச் சுருக்கத்தில் எங்கே பிழை?

இணுவில் மாணவன்:
பஸ்ஸில் வைக்கும் சிறிய மின்பலகைக்காகச் செய்திகளைச் சுருக்கும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். முன்பு வந்த சொற்றொடர் திரும்ப வந்தால், அதற்குப் பதிலாக ‘இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட் எடு’ என்று 16 பிட் சுட்டு வைக்கிறேன். தூரத்துக்கு 12 பிட், நீளத்துக்கு 4 பிட். ஆங்கிலச் செய்திகள் சரியாக விரிகின்றன. தமிழ்ச் செய்தியின் முதற்சொல்லே ‘யாழ்ப்பாணம்’. கோப்பில் எழுதிப் பார்த்தால் ‘யாழ்ப்ப’ வருகிறது, பிறகு உடைந்த கட்டங்கள், பிறகு ‘ணம்’. அடுத்து வரும் ஒவ்வொரு ‘யாழ்ப்பாண’மும் அதே இடத்தில் உடைகிறது. விரிக்கும்போது `memcpy` பயன்படுத்துகிறேன். அளவும் நான் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. எங்கே பிழை?

சுன்னாகம் சந்தி:
தம்பி, காரணம் தெளிவாகத் தெரிகிறது. யூனிகோடின் UTF-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். உங்கள் நிரல் பைட்டுகளை மட்டும் ஒப்பிடுவதால் ஒரு குறியின் நடுவிலேயே வெட்டிவிடுகிறது. ‘பா’வின் அரவு இரண்டாகப் பிளந்ததுதான் நீங்கள் பார்க்கும் கட்டம். பொருத்தம் தேடும்போது குறியின் எல்லையில் தொடங்கி எல்லையிலேயே முடிய வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள், சரியாகிவிடும். `memcpy`-க்குப் பதிலாக `memmove` போடுங்கள். மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது `memcpy` நம்பத்தக்கதல்ல.

கரவெட்டியாள்:
எல்லை நிபந்தனை போட்டால் இந்தச் சொல் சரியாக வரும் என்பது உண்மை. ஆனால் பிழை அப்படியே இருக்கும். `memmove` போட்டால் ஒவ்வொரு முறையும் உறுதியாகத் தவறாகும். கையாலேயே நடத்திப் பார்ப்போம்.

அந்தச் சொல்லில் 11 குறிகள்: ய, அரவு, ழ, புள்ளி, ப, புள்ளி, ப, அரவு, ண, ம, புள்ளி. மொத்தம் 33 பைட். பூச்சியத்திலிருந்து எண்ணினால் முதல் புள்ளி 9ஆம் இடத்தில் தொடங்குகிறது, முதல் ‘ப’ 12இல், இரண்டாம் புள்ளி 15இல், இரண்டாம் ‘ப’ 18இல், அதன் அரவு 21இல்.

```
 9: E0 AF 8D   E0 AE AA
15: E0 AF 8D   E0 AE AA
21: E0 AE BE
```

முதல் 15 பைட்டுகளில் குறைந்தபட்ச நீளமான 3 பைட்டுக்குப் பொருத்தம் எதுவும் இல்லை, அவை அப்படியே எழுதப்படும். 15ஆம் இடத்தில் நிரல் ஆறு பைட் பின்னால், 9இல், அதே வரிசையைக் காண்கிறது. ஆறு பைட்டும் ஒத்துப்போகின்றன. ஏழாவதும் ஒத்துப்போகிறது: 21இல் இருப்பது E0, 15இல் இருப்பதும் E0. எட்டாவதில்தான் AE-யும் AF-உம் மோதுகின்றன. ஆகவே எழுதப்படும் சுட்டு ‘தூரம் 6, நீளம் 7’.

இப்போது விரிப்பவரின் பக்கம் வாருங்கள். ஆறு பைட் பின்னாலிருந்து ஏழு பைட் எடுக்க வேண்டும். ஏழாவது பைட் இருக்கும் இடம் 15. அந்த இடம் இந்தப் பிரதியெடுப்பின் முதல் அடியில்தான் நிரம்புகிறது. ஏழையும் ஒன்றாக வாசித்துப் பிறகு எழுதினால், 15இல் அப்போது கிடந்த பழைய பைட்டே 21இல் போய் விழும். உங்கள் நினைவிடம் புதிதாக இருந்திருந்தால் அது பூச்சியம். அரவு தன் முதல் பைட்டை இழந்து மீதி இரண்டோடு நிற்கிறது. பின்னால் வரும் ‘யாழ்ப்பாண’ங்கள் இந்த முதற்சொல்லைச் சுட்டுவதால் அதே காயத்தோடு வருகின்றன. `memmove`-இன் வேலையே பழையதைப் பாதுகாத்து நகர்த்துவது. இங்கே நமக்கு வேண்டியது அதற்கு நேரெதிரானது: இப்போது எழுதியதையே அடுத்த அடியில் வாசிக்க வேண்டும்.

```c
while (len--) {
    out[pos] = out[pos - dist];
    pos++;
}
```

1977இல் லெம்பலும் சிவ்வும் எழுதிய முறையிலேயே நீளம் தூரத்தைத் தாண்டலாம். அது தவறுதலாக நுழைந்த ஓட்டை அல்ல.

சுன்னாகம் சந்தி:
அக்கா, நீங்கள் காட்டிய கணக்கே என் பக்கம்தான் பேசுகிறது. எல்லை நிபந்தனை இருந்தால் ஏழாவது பைட் சேர்ந்திருக்காது. தூரம் 6, நீளம் 6, ஒன்றன்மேல் ஒன்று விழாது. ஒரு பைட்டை மிச்சம்பிடிக்க ஏன் பாதி அரவைச் சுட்டுக்குள் இழுக்க வேண்டும்?

கரவெட்டியாள்:
இந்தச் சொல்லுக்கு விழாது. செய்தியை நடுவில் நிறுத்த மாணவன் இடவெளிகளை நிரப்பியிருப்பார், அல்லது இரண்டு செய்திகளுக்கு நடுவே பத்துக் கோடுகள் போட்டிருப்பார். பத்துக் கோட்டில் முதலாவது நேரடியாக எழுதப்படும். மீதி ஒன்பதுக்கும் ‘தூரம் 1, நீளம் 9’. கோடு ஒரு பைட் குறி என்பதால் உங்கள் எல்லை நிபந்தனை இதைத் தாராளமாக அனுமதிக்கும். பழைய முறையில் விரித்தால் இரண்டு கோடுகளோடு சரி, பிறகு எட்டுக் குப்பைப் பைட். அப்போது தமிழ் உடையவில்லையே என்று வேறெங்கோ போய்த் தேடுவார்.

குறியின் நடுவில் வெட்டுவதாலும் தீங்கில்லை. அடுத்த சுட்டு ‘தூரம் 18, நீளம் 4’ என்று வந்து AE, BE என்ற மீதியைக் கொடுக்கும், இரண்டும் சேர்ந்து முழு அரவு ஆகிவிடும். பைட் ஒழுங்கு மாறாதவரை வெட்டு எங்கே விழுந்தது என்பது விரித்த பிறகு தெரியவே தெரியாது.

சுன்னாகம் சந்தி:
முழுவதும் விரித்த பிறகுதானே? பலகையில் அப்படி நடக்காது. சிறிய சில்லு ஒவ்வொரு சுட்டையும் விரித்த உடனேயே எழுத்து வரையும் பகுதிக்கு அனுப்பும். அந்த நேரத்தில் அதன் கையில் E0 மட்டும் இருந்தால் என்ன வரையும்? கோப்புக்கு நீங்கள் சொல்வது சரி. பலகைக்கு எல்லை நிபந்தனை அவசியம் என்றே நான் சொல்கிறேன்.

கரவெட்டியாள்:
வரையும் பகுதி மூன்று பைட் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அது அதன் கடமை.

ஏட்டுச்சுவடி:
இதை வாசித்ததும் என் பிரச்சினையைக் கேட்கத் தோன்றியது. பழைய ஊர் மலர்களை ஒளிவருடிப் படங்களாக வைத்திருக்கிறேன். ஒரே தலைப்பு, ஒரே சின்னம் ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறது. `zip` செய்தால் அளவு குறையவேயில்லை. பின்னோக்கித் தேடும் தூரத்தை, அதாவது யன்னலைப் பெரிதாக்கினால் அந்தத் தலைப்புகளைக் கண்டுபிடிக்குமா?

கரவெட்டியாள்:
கண்டுபிடிக்காது, ஐயா. ஒளிவருடிய படக் கோப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. கண்ணுக்கு ஒரே தலைப்பாகத் தெரிவது பைட்டுகளில் ஒவ்வொரு பக்கத்திலும் வேறாக இருக்கும். இந்த முறைக்கு அச்சொட்டாக ஒரே பைட் வரிசை வேண்டும். பக்கங்களைத் தட்டச்சு செய்த பிரதி இருந்தால் அதில் முயன்று பாருங்கள்.

கோட்டையடி:
தம்பியின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அளவு குறையாததற்குக் காரணம் நீளத்துக்குக் கொடுத்த 4 பிட். 4 பிட்டில் 16 எண்கள், 3இலிருந்து தொடங்கினால் அதிகபட்ச நீளம் 18. ஜப்பானின் ஒகுமுரா 1989இல் எழுதிப் பலரும் பிரதியெடுத்த நிரலிலும் இதே 4096, இதே 18. ஆங்கிலத்தில் 18 பைட் என்பது இரண்டு மூன்று சொற்கள். தமிழில் அது வெறும் ஆறு குறிகள்.

உங்கள் பஸ்ஸின் பலகையில் ‘காங்கேசன்துறை வீதி’ எத்தனை முறை வரும் என்று சொல்லத் தேவையில்லை. 13 குறி, ஓர் இடவெளி, பிறகு 4 குறி. மொத்தம் 52 பைட். திரும்ப வரும்போது 18, 18, 16 என்று மூன்று சுட்டுகள். சுட்டா நேரடிப் பைட்டா என்று சொல்லும் அடையாளப் பிட்டோடு சேர்த்து ஒரு சுட்டுக்கு 17 பிட் என்றால் 51 பிட்.

தமிழ்க் குறிகளுக்கு யூனிகோடில் உள்ள இடங்கள் 128. ஆங்கிலக் குறிகளும் 128. இரண்டும் சேர்ந்து ஒரு பைட்டுக்குள் அடங்கும். சுருக்குவதற்கு முன் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒரு பைட் ஆக்கிவிடுங்கள். அதே சொற்றொடர் 18 பைட் ஆகிறது, ஒரே சுட்டு, 17 பிட். ‘யாழ்ப்பாணம்’ சுட்டே இல்லாமல் 99 பிட்டில் முடிகிறது. மூன்று பைட் முறையில் மேலே சொன்ன இரண்டு சுட்டுகளோடு கடைசிப் புள்ளிக்கான சுட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 222 பிட். குறி நடுவில் உடையும் வழக்கும் ஒழிந்துவிடும்.

சுன்னாகம் சந்தி:
நம் பஸ்ஸில் சிங்களம் இல்லாத பலகையை எங்கே கண்டீர்கள்? அதற்கும் தனியாக 128 இடம் வேண்டும். உங்கள் ஒரு பைட் அன்றே நிரம்பிவிட்டது.

கோட்டையடி:
மொழி மாறும் இடத்தில் மாற்றுக்குறி ஒன்று வைக்கலாம். ஆங்கிலப் பகுதியின் முதல் 32 இடங்களில் பெரும்பாலானவை இங்கே பயன்படுவதில்லை. ஒரு செய்திக்குள் மொழி அடிக்கடி மாறாது.

கரவெட்டியாள்:
சிங்களத்தில் ‘ஸ்ரீ’ எழுதக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஒன்று இடையில் வர வேண்டும். அது சிங்கள இடங்களுக்குள் இல்லை. வளைந்த மேற்கோள்குறிகளும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் விதி சேர்த்துக்கொண்டே போனால் மாற்றும் நிரல் சுருக்கும் நிரலைவிடப் பெரிதாகிவிடும். உரையில் என்ன வரும் என்று முழுவதும் தெரிந்தால் கோட்டையடி சொல்வது சிறந்த வழி. தெரியாதென்றால் நான் பிட்டுகளைப் பங்கிடும் விதத்தையே மாற்றுவேன்: தூரத்துக்கு 10, நீளத்துக்கு 6. அதிகபட்ச நீளம் 66 ஆகும். ‘காங்கேசன்துறை வீதி’ மாற்றம் எதுவும் இல்லாமலே ஒரு சுட்டில் அடங்கும். தம்பி, உங்கள் சில்லின் நினைவகம் எவ்வளவு?

இணுவில் மாணவன்:
2 கிலோபைட், அக்கா.

கரவெட்டியாள்:
அப்படியானால் 12 பிட் தூரம் முதலிலேயே சாத்தியமில்லை. விரிக்கும்போது கடைசி 4096 பைட்டை வைத்திருக்க அங்கே இடமே கிடையாது. கணினியில் சோதித்ததால் அது இதுவரை வெளியே தெரியவில்லை. 10 பிட் என்றால் 1024 பைட், சில்லில் பாதி. அதை வட்டமாகச் சுற்றிப் பயன்படுத்துங்கள்.

கோட்டையடி:
1024 பைட் என்றால் மூன்று பைட் முறையில் ஏறக்குறைய 340 தமிழ்க் குறிகள். கொக்குவில் செய்தியில் வந்த சொற்றொடர் தெல்லிப்பழைச் செய்தி வருவதற்குள் யன்னலைவிட்டு வெளியேறிவிடும், மறுபடியும் முழுதாக எழுத வேண்டும். ஒரு பைட் முறையில் அதே இடத்துக்குள் 1000 குறிகளுக்கு மேல் நிற்கும். நினைவகம் குறைந்த இடத்தில்தான் என் வழி இன்னும் தேவைப்படுகிறது.

சுன்னாகம் சந்தி:
இரண்டு வழிக்கும் உண்மையான செய்திக் கோப்பைக் கொடுத்து அளக்காமல் இதில் முடிவு சொல்ல முடியாது.

இணுவில் மாணவன்:
ஒவ்வொரு பைட்டாகப் பிரதியெடுக்கும்படி மாற்றினேன். ‘யாழ்ப்பாணம்’ முழுதாக வருகிறது, பத்துக் கோடுகளும் வருகின்றன. எல்லை நிபந்தனை போடவில்லை. வரையும் பகுதி இப்போது மூன்று பைட் சேரும்வரை காத்திருக்கிறது, ஆனால் செய்தி சற்றுத் தயங்கித் தயங்கி ஓடுகிறது. அது காத்திருப்பதாலா, பைட் பைட்டாகப் பிரதியெடுப்பதாலா என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. இன்றிரவு 10-6 பங்கீட்டையும் ஒரு பைட் மாற்றத்தையும் ஒரே செய்திக் கோப்பில் ஓட்டி அளவுகளை இங்கே போடுகிறேன். சிங்களச் செய்திகளும் அதில் இருக்கின்றன.

சுன்னாகம் சந்தி:
எல்லை நிபந்தனையோடும் ஒரு முறை ஓட்டுங்கள், தம்பி. தயக்கம் குறைகிறதா என்று பார்ப்போம்.