தயிர்சாதம் ஒரு டப்பா: தாளிப்பு, மாதுளை, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்தால் எத்தனை கலோரி?

வெல்லிங்டன் வாசு

மதியத்துக்குத் தயிர்சாதம்தான் கட்டிக்கொண்டு போகிறேன். கடுகு, உளுத்தம்பருப்பு தாளிப்பு, மேலே ஒரு பிடி மாதுளை முத்து. எண்ணெய் ஒரே ஒரு ஸ்பூன். தாளிப்புக்கு முன் கலந்த சாதத்தை நிறுத்தால் 450 கிராம். ஒரு ஆப் 100 கிராமுக்கு 120 கலோரி என்கிறது, இன்னொன்று 90 என்கிறது. அப்படியானால் 540-ஆ, 405-ஆ? யாராவது சொல்லுங்கள்.

தொட்டபெட்டா ரன்னர்

சாதத்தை விடுங்கள் பாஸ், விஷயமே எண்ணெயில் இருக்கிறது. ஒரு ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. தாளிக்காமல் பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி மட்டும் நறுக்கிப் போட்டுச் சாப்பிடுங்கள். நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

கோத்தகிரி கனகா

ரன்னர் தம்பி சொல்கிற 120 பெரிய ஸ்பூனுக்கு, அதாவது 15 மில்லி பிடிப்பதற்கு. டீஸ்பூன் என்றால் 5 மில்லி, நாலரை கிராம் எண்ணெய், 40 கலோரிதான். ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்று மடங்கு வித்தியாசத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வாசு தம்பி, அந்த 450 கிராமை வைத்துக்கொண்டு எந்த ஆப்பாலும் கணக்குச் சொல்ல முடியாது. தயிர்சாதத்துக்குச் சோற்றைக் குழைய விடுகிறோம். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் வைப்பவர் உண்டு, நாலரை வைப்பவரும் உண்டு. இங்கே நம் உயரத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே போகும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகிறது, தண்ணீரும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது, ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். குக்கரிலும் கீழே மேட்டுப்பாளையத்தில் மூன்று விசில் என்றால் இங்கே நான்கைந்து. சோறு எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பது வீட்டுக்கு வீடு மாறும். தண்ணீருக்குக் கலோரி கிடையாது, ஆனால் தராசில் எடை காட்டும். அந்த ஆப் எந்த வீட்டுத் தயிர்சாதத்தை வைத்து 90 என்றதோ, 120 என்றதோ, யாருக்குத் தெரியும்.

அதனால் வேகும் முன் அரிசியை நிறுத்துச் சொல்லுங்கள். பால் பாக்கெட் என்ன நிறம், எண்ணெய் என்ன எண்ணெய், எந்த ஸ்பூன். இவை தெரிந்தால் போதும்.

அருவங்காடு பெரியவர்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. தயிரோடு மாதுளை சேர்க்கக் கூடாது, இரண்டும் எதிரெதிர் என்று மருமகள் போடுவதே இல்லை. பழத்தில் சர்க்கரை அதிகம்தானே? வாசுவுக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன், மாதுளையை எடுத்துவிடப்பா.

கோத்தகிரி கனகா

ஐயா, தம்பி கேட்டது கலோரி. இருந்தாலும் சொல்கிறேன். தயிர்சாதத்தின் மேல் தூவுகிற ஒரு பிடி முத்து 30 கிராம் வரும். அதில் சர்க்கரை நான்கு கிராம் போல. அதே டப்பாவில் இருக்கிற சோற்றின் மாவுச்சத்து அதைப்போல பத்து மடங்குக்கு மேல். உங்களுக்குச் சர்க்கரை ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது சோற்றின் அளவை. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். எதிரெதிர் என்பது வீட்டுப் பத்திய வழக்கம், அதில் நான் தலையிடவில்லை.

கேத்தி சதீஷ்

யாரும் முக்கியமானதைச் சொல்லவில்லையே. சோறு ஆறினால் அதில் செரிக்காத மாவுச்சத்து உண்டாகும், கலோரி பாதியாகக் குறையும். 2015-இல் இலங்கை ஆராய்ச்சியாளர்கள் சொன்னது, செய்திகளில் எல்லாம் வந்தது. அதிலும் தேங்காய் எண்ணெய் சேர்த்தால்தான் குறையும். நம் ஊர்க் குளிரில் காலையில் கட்டிய டப்பா மதியத்துக்குள் ஐஸ் மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியென்றால் வாசுவின் டப்பா 250 கூட வராது. எண்ணெய் இதில் நண்பன், எதிரி இல்லை.

தொட்டபெட்டா ரன்னர்

எண்ணெய் ஊற்றினால் கலோரி குறையுமா? நல்ல கதை.

கோத்தகிரி கனகா

கதை இல்லை தம்பி, பாதி உண்மை. அவர்கள் எண்ணெயைக் கொதிக்கிற தண்ணீரில் அரிசி போடும் முன்பே சேர்த்தார்கள். அடுப்பிலேயே நாற்பது நிமிடம் வேகவிட்டு, பிறகு 12 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தார்கள். பாதிக்கு மேல் குறையலாம் என்று அவர்கள் சொன்னது, மிகச் சிறந்த அரிசி ரகம் கிடைத்தால் எட்டலாம் என்ற எதிர்பார்ப்பு. ஆய்வகத்தில் மாவுச்சத்தை அளந்ததுதான், ஆள் சாப்பிட்டுப் பார்த்த கணக்கு இல்லை. நாம் செய்வது வேறு. வெந்து, குழைத்து, தயிர் ஊற்றிய பிறகு கடைசியில் தாளித்துக் கொட்டுகிறோம். அந்த எண்ணெய் பருக்கைக்கு வெளியேதான் நிற்கிறது.

ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கூடுவது உண்மைதான். ஆனால் 100 கிராம் சோற்றுக்கு ஒரு கிராம் கூடினாலே பெரிது. வாசுவின் டப்பாவுக்கு அது பத்து கலோரிக்குள் அடங்கிவிடும்.

கேத்தி சதீஷ்

நீங்கள் பழைய சோற்றையே மறுக்கிறீர்கள் அக்கா.

கோத்தகிரி கனகா

பழைய சோற்றை யார் மறுத்தது? கலோரி பாதியாகும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

வெல்லிங்டன் வாசு

இன்று காலை நிறுத்துவிட்டேன். பச்சரிசி 60 கிராம். குழைத்த சோறு 250 வந்தது. தயிர் 150, அப்புறம் டப்பாவில் புளிக்காமல் இருக்கப் பால் ஒரு 50. இரண்டுமே ஆரஞ்சுப் பாக்கெட் பால்தான், வீட்டில் உறை ஊற்றியது. உளுத்தம்பருப்பு ஒரு டீஸ்பூன், கடுகு கொஞ்சம். எண்ணெய் தேங்காய் எண்ணெய், டீஸ்பூன்தான். ஆனால் ஒரு விஷயம். இந்த மாதம் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, அதனால் அகல வாய் டப்பாவுக்கு மாற்றி ஸ்பூனால் தோண்டி எடுக்கிறோம். ஒரு ஸ்பூனைத் தராசில் வைத்தேன். 10 கிராம்!

கோத்தகிரி கனகா

அதைத்தான் எதிர்பார்த்தேன். உருகிய எண்ணெய் ஸ்பூனின் விளிம்போடு நின்றுவிடும், உறைந்தது குவியும். டீஸ்பூன் என்று மனதில் 40 போட்டுக்கொள்கிறோம், கரண்டிக்குள் போவது 90. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடும். நம் ஊரில் வருஷத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான். கீழே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். அரிசி 60 கிராம், 210. ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நூறுக்கு 87 கலோரி போல வரும். தயிரும் பாலும் சேர்த்து 200 கிராம், 175. எண்ணெய் 90. பருப்பும் கடுகும் 25. மாதுளை 25. ஆக 525.

அதே டப்பாவைக் கொழுப்பு குறைந்த நீலப் பாக்கெட் பாலில் செய்து, எண்ணெயை வழித்துச் சமப்படுத்தி ஒரு டீஸ்பூன் போட்டால் பால் வகை 115, எண்ணெய் 40. மொத்தம் 415. தராசில் இரண்டுக்கும் ஐந்தாறு கிராம் வித்தியாசம்தான். கண்ணுக்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

வெல்லிங்டன் வாசு

அக்கா, 525, 415. என் இரண்டு ஆப்பும் சொன்னதற்குப் பக்கத்திலேயே வந்துவிட்டதே!

கோத்தகிரி கனகா

தற்செயல். நாளைக்கு இன்னும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பாருங்கள். ஆப் நூறு கலோரி கூடச் சொல்லும், சாப்பிடுவது அதே 60 கிராம் அரிசிதான்.

தொட்டபெட்டா ரன்னர்

எப்படிப் பார்த்தாலும் எண்ணெய்தானே அக்கா முதல் குற்றவாளி? 90 கலோரி!

கோத்தகிரி கனகா

கணக்கைத் திரும்பப் பாருங்கள் தம்பி. எண்ணெயைச் சமப்படுத்தினால் மிச்சம் 50. பால் பாக்கெட்டின் நிறத்தை மாற்றினால் மிச்சம் 60. எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அடி வாங்குகிறது. தயிரில் இருக்கிற கொழுப்பு வெள்ளையோடு வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. எருமைத் தயிர் என்றால் இன்னும் கூடும், இங்கே மந்துகளில் தோடர் எருமைப் பாலில் உறை ஊற்றும் தயிரைக் கத்தியால் வெட்டலாம்.

கூடலூர் பார்வதி

முந்திரியை யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் தாளிப்பில் முந்திரி இல்லாமல் தயிர்சாதமே கிடையாது. ஐந்து முந்திரி போட்டால் ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்குச் சமம்தானே?

இன்னொன்று. தாளித்த எண்ணெய் முழுவதும் சாதத்துக்குப் போகிறதா? கரண்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதைக் கழுவி ஊற்றிவிடுகிறோம்.

கோத்தகிரி கனகா

முந்திரி விஷயம் சரி, ஐந்துக்கு 40-ஐத் தாண்டும்.

கரண்டியில் ஒட்டுவதும் உண்மைதான். ஆனால் நீங்கள் தாளித்த இரும்புக் கரண்டியில் ஒரு பிடி சாதத்தைப் போட்டுத் துடைத்து எடுக்கிற ஆளா, அப்படியே தொட்டியில் போடுகிற ஆளா என்பதைப் பொறுத்தது. என் வீட்டில் துடைத்து எடுக்காமல் விடமாட்டோம், கடுகு வாசனை முழுக்க அதில்தான் இருக்கும்.

கூடலூர் பார்வதி

நாலரை கிராமில் ஒரு கிராம் ஒட்டினால் அது ஐந்தில் ஒரு பங்கு அக்கா. சின்ன அளவில் அதுவும் கணக்குத்தான்.

தொட்டபெட்டா ரன்னர்

பத்து கலோரிக்கா இந்தச் சண்டை?

கேத்தி சதீஷ்

என்னுடைய பத்து கலோரியை யாரும் ஏற்கவில்லை, கரண்டியில் ஒட்டும் பத்து மட்டும் கணக்கில் வருமா?

வெல்லிங்டன் வாசு

வீட்டில் பேசிப் பார்த்தேன். எண்ணெய்க்குப் பிரச்சினை இல்லை, வெயிலில் வைத்து உருக்கி அளந்துவிடலாம், அல்லது நல்லெண்ணெய்க்கு மாறலாம், அது உறையாது. பால்தான் சிக்கல். நீலப் பாக்கெட் பால் இந்தக் குளிரில் உறையவே மாட்டேன் என்கிறது, காலையில் நீராகவே நிற்கிறது, அதனால்தான் ஆரஞ்சு வாங்குகிறோம் என்கிறாள்.

கோத்தகிரி கனகா

கொழுப்பு கூடினால் தயிர் கெட்டியாகத் தெரியும், ஆனால் உறைவதற்கு வேண்டியது சூடு. நீலப் பாக்கெட்டை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டில், கீழே ஊரில் விடுவதைப்போல இரண்டு மடங்கு உறை விட்டு, ஹாட்பேக்கில் மூடி இரவு முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ஹாட்பேக் இல்லையென்றால் பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்குங்கள். காலையில் திறக்கும்போது மேலே மஞ்சளாகத் தண்ணீர் நின்றால் சூடு அதிகமாகிவிட்டது, அல்லது நேரம் கூடிவிட்டது. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சோற்றிலேயே கலந்துவிடுங்கள். இறுகாமல் பால் மணமே அடித்தால் சூடு போதவில்லை, இன்னும் இரண்டு மணி நேரம் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வையுங்கள்.

அருவங்காடு பெரியவர்

நான்கு கிராம் சர்க்கரை என்றீர்களே, அது முத்துக்கா, முழுப் பழத்துக்கா? மருமகளிடம் காட்ட வேண்டும்.

கோத்தகிரி கனகா

ஒரு பிடி முத்துக்கு ஐயா. முழுப் பழத்தை உரித்துத் தனியாகச் சாப்பிட்டால் பல மடங்கு ஆகிவிடும், அதை அவரிடம் சேர்த்தே காட்டுங்கள்.