விற்பனைக்கு முன் எதை முதன்மை அளவீடாக வைப்பது?

வணக்கம் நண்பர்களே. புதுத் தயாரிப்பு ஒன்றை அறிமுகப்படுத்துகிறோம். முதல் மூன்று மாதம் பெயரைப் பரப்புவது மட்டும்தான் நோக்கம், விற்பனை அதற்குப் பிறகுதான். முதன்மை அளவீடாக ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

விளம்பரம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற கணக்கு எனக்குத் திருப்தி தரவில்லை. செலவைக் கூட்டினால் அதுவும் கூடும்; பெயர் மனதில் நின்றதா என்று அது சொல்லாது.

அதனால் சர்வே எடுத்தோம். பெயர்ப் பட்டியலைக் காட்டி, "இவற்றில் எதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?" என்று 400 பேரிடம் கேட்டோம். இன்னும் வெளியே வராத எங்கள் பெயரையே 6% பேர் தெரியும் என்றார்கள்! பட்டியலைப் பார்த்ததும் ஏதோ கேட்ட மாதிரி தோன்றுவது இயல்புதான். ஆக, எங்கள் தொடக்கப் புள்ளி பூஜ்யம் இல்லை, 6%. அடுத்த சுற்றில் வேறு 400 பேரிடம் கேட்கும்போது ஏறக்குறைய 4 புள்ளிக்குக் குறைவான உயர்வு வந்தால், அது தற்செயலாகவும் இருக்கலாம். கேள்விப்படாமலே தெரியும் என்பவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க, அடுத்த சுற்றின் பட்டியலில் எங்குமே இல்லாத ஒரு கற்பனைப் பெயரையும் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

இன்னொரு வழி, கூகுளில் எங்கள் பெயர் எவ்வளவு தேடப்படுகிறது என்று பார்ப்பது. வாரந்தோறும் கிடைக்கும், செலவும் இல்லை. ஆனால் பெயர் தெரிந்தும் தேடாதவர்கள் அதில் வரமாட்டார்கள்.

சர்வேயை முதன்மையாகவும் தேடலைத் துணையாகவும் வைக்கலாமா? இப்படிச் செய்து பார்த்தவர்கள், இரண்டும் எதிரெதிராகப் போனபோது எதை நம்பினீர்கள்?