கலைச்சொல்: ஆன்டிபயாட்டிக்குக்கு "நுண்ணுயிர் எதிர்ப்பி" சரிதானா?

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். மருந்துக்கடைகளில் வைப்பதற்கு ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். "நுண்ணுயிர் எதிர்ப்பிகள் வைரஸிடம் வேலை செய்யாது" என்று அதில் ஒரு வரி. படித்துப் பார்த்தவர், "வைரஸும் நுண்ணுயிர்தானே, ஏன் செய்யாது?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. வேறு சொல் வேண்டும்.

முருகேசன்:
பாக்டீரியாவுக்கு உயிர் உண்டு, வைரஸுக்குக் கிடையாது. உயிர் இருப்பதைத்தான் கொல்ல முடியும். அதனால் "உயிர்க்கொல்லி" என்றே வைத்துவிடலாம்.

தமிழரசி:
முருகேசன் ஐயா, உயிர் இருப்பதால் மட்டும் மருந்து கேட்டுவிடாது. பெனிசிலினைத் தயாரிப்பதே ஒரு பூஞ்சைதான். பூஞ்சைக்கும் உயிர் உண்டு, ஆனால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்வதில்லை. மருந்து போய்ப் பிடிக்க ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறு புரதத் துண்டுகளால் குறுக்கே பிணைத்த வலை அது. பிணைக்கும் வேலையைச் செய்வது ஒரு நொதி. பெனிசிலின் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொள்கிறது, பிணைப்பு நின்றுவிடுகிறது. பாக்டீரியா வளர வளரப் பழைய சுவரை அங்கங்கே வெட்டித் திறக்கும். திறந்த இடத்தை மூட ஆள் இல்லாததால் தண்ணீர் உள்ளே ஏறி அது வெடிக்கிறது. பூஞ்சையின் சுவர் வேறு பொருளால் ஆனது. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது, வைரஸுக்கும் அப்படித்தான்.

அசித்ரோமைசின் வேறு வழியில் போகிறது. பாக்டீரியா புரதம் செய்யும் ரைபோசோமைப் பிடித்து நிறுத்துகிறது. வைரஸுக்குச் சொந்த ரைபோசோம் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து நம்முடையதைத்தான் பயன்படுத்துகிறது. நம் ரைபோசோமின் அமைப்பே வேறு என்பதால் அசித்ரோமைசின் அதைப் பெரும்பாலும் தொடாது. தொட்டால் அடி விழுவது நமக்கு.

இந்த மருந்து பல கிருமிகளைக் கொல்வதில்லை, பெருக விடாமல் நிறுத்தி வைக்கிறது. மிச்சத்தை நம் உடல் பார்த்துக்கொள்கிறது. அதனால் "கொல்லி" வேண்டாம். "பாக்டீரியா எதிர்ப்பி" என்பது என் பரிந்துரை. "நுண்ணுயிர் எதிர்ப்பி" என்பதை வைரஸ் மருந்து, பூஞ்சை மருந்து எல்லாவற்றுக்குமான பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டெல்லா:
மன்னிக்கணும் டீச்சர், எனக்கு ஒன்று புரியவில்லை. என் பையனுக்குச் சளி, காய்ச்சல். அசித்ரோமைசின் மூன்று நாள் கொடுத்தோம், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அப்போ வைரஸுக்கும் கேட்கிறது என்றுதானே அர்த்தம்?

தமிழரசி:
ஸ்டெல்லா, சாதாரணச் சளிக்காய்ச்சல் மருந்தில்லாமலும் பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். மாத்திரையும் மூன்று நாள், காய்ச்சலும் மூன்று நாள் என்பதால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. உங்கள் பையனுக்கு வந்தது எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மூக்கு ஒழுகி, இருமலும் இருந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவை இல்லாமல் தொண்டை வலியும் காய்ச்சலும் கழுத்தில் நெறிக்கட்டும் இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்று சந்தேகிப்பார்கள். அதையும் தொண்டையில் பஞ்சால் தடவி எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இக்பால்:
மருந்துக்கடையில் நிற்பவன் என்ற முறையில் இரண்டு சிக்கல் சொல்கிறேன். மெட்ரோனிடசோலை ஆன்டிபயாட்டிக் என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது அமீபாவுக்கும் கேட்கும். "பாக்டீரியா எதிர்ப்பி" என்றால் அமீபா எங்கே போகும்?

அடுத்தது, ரெசிஸ்டன்ஸை எப்படிச் சொல்வீர்கள்? "பாக்டீரியா எதிர்ப்பி எதிர்ப்பு" என்றா? ஏற்கெனவே "நோய் எதிர்ப்புச் சக்தி" வேறு இருக்கிறது. "உடம்புக்கு எதிர்ப்பு வந்துவிட்டதா?" என்று கடையில் கேட்கிறார்கள். மாறியது கிருமி, உடம்பு இல்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது.

முருகேசன்:
"மருந்துக்கு மசியாமை" என்று சொல்லலாமே. மசியாத கிருமி என்றால் யாருக்கும் விளங்கும். "தாங்குதிறன்" என்றும் யோசித்தேன்.

தமிழரசி:
"மசியாமை" எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா. "தாங்குதிறன்" வேண்டாம். மருந்து இருக்கும்போதே பெருகுகிற கிருமி வேறு, பெருகாமல் பதுங்கிக் கிடந்து மருந்து போனதும் எழுகிற கிருமி வேறு. இரண்டாவதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். இக்பால் தம்பி கேட்ட அமீபாவுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டு பட்டியலிலும் அந்த மருந்தைப் போடலாம் என்று மட்டும் தோன்றுகிறது.

கயல்விழி:
சரி, துண்டறிக்கையில் இப்போதைக்கு இப்படிப் போடுகிறேன்: "ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கான மருந்து. அது பிடித்து நிறுத்தும் பாகங்கள் வைரஸிடம் இல்லை." கடையில் எல்லாரும் சொல்கிற பெயரே இருக்கட்டும். அகராதிப் பதிவுக்கு "பாக்டீரியா எதிர்ப்பி", "மசியாமை" இரண்டையும் முன்மொழிவாக வைக்கிறேன். மெட்ரோனிடசோல் பற்றி யாருக்காவது யோசனை இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.