வாட்சில் 11 ஆயிரம் ஸ்டெப், இன்சூரன்ஸ் ஆப்பில் 4 ஆயிரம்: இந்தத் தள்ளுபடிக்குப் பின்னால் ஓடுவது வேலைக்கு ஆகுமா?

செல்வம் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 40 வயது, மனைவிக்கு 36, ஒரு பையன். 10 லட்சத்துக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஹெல்த் பாலிசி, ஃபேமிலி ஃப்ளோட்டர், ஆகஸ்ட் 1 முதல் ஓடுகிறது. பிரீமியம் மொத்தம் 26,400, அதில் ரைடர்கள் மட்டும் 4,400. விற்றவர் "தினமும் நடந்தால் அடுத்த வருஷம் 30% குறையும் சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லித்தான் தலையில் கட்டினார்.

ஆப்பை இணைத்தது அக்டோபர் 1-ல். இன்று டிசம்பர் 1. கம்பெனியில் ஷிஃப்ட் முழுக்க நடைதான், வாட்சில் 10 ஆயிரத்துக்குக் குறைவதே இல்லை. ஆனால் இன்சூரன்ஸ் ஆப்பில் நேற்று 4 ஆயிரம், முந்தாநாள் 3,200. இரண்டு மாதத்தில் "ஆக்டிவ் டே" என்று ஏறியிருப்பது வெறும் 20 நாள். ஆண்ட்ராய்டு போன்தான்.

இன்னொன்று, வருஷத்துக்கு ஒரு இலவச செக்கப் இருக்கிறது. மனைவி போக வேண்டாம் என்கிறார். எங்கள் வீட்டில் அப்பா வழியில் சர்க்கரை உண்டு, எனக்கும் இருப்பதாகத் தெரிந்தால் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள் என்று பயம். போகலாமா? மனைவிக்கும் ஒரு வாட்ச் வாங்கித் தரலாமா, 2,500 ஆகும்.

நடைராஜா

செக்கப்புக்கு மட்டும் போய்விடாதீர்கள் பாஸ். சர்க்கரை என்று தெரிந்தால் ரின்யூவலில் லோடிங் போடுவார்கள், அப்புறம் க்ளெய்ம் போனால் முன்பே இருந்த நோய் என்று தள்ளிவிடுவார்கள். வெளியே ஏதாவது லேபில் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஸ்டெப் விஷயத்தில் 30%-ஐ விடாதீர்கள், 26,400-ல் 30% என்றால் 7,920, அதோடு ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேர்ந்து குறையும்.

சிங்கை மாறன்

இங்கே Healthy 365 ஆப்பில் நான் தினமும் நடந்து வவுச்சர் வாங்குகிறேன், சூப்பர் மார்க்கெட்டில் அப்படியே கழித்துக்கொள்வார்கள். ஸ்டெப் ஏறாவிட்டால் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள், சரியாகிவிடும். அரசாங்கத்தின் திட்டம்தானே, புகார் கொடுத்தால் உடனே கவனிப்பார்கள்.

கீதா ர.

மாறன் சார், நீங்கள் சொல்வது சிங்கப்பூர் அரசு நடத்துவது. செல்வம் கேட்பது பாலிசிக்குள் இருக்கும் தள்ளுபடி, ஆப்பை அழித்தால் ஏறியிருக்கிற 20 நாளும் என்ன ஆகுமோ. செல்வம், தயவுசெய்து அழிக்காதீர்கள்.

நான் பத்து வருஷத்துக்கு மேல் பாலிசி விற்ற ஆள், இப்போது விட்டுவிட்டேன். முதலில் பாலிசி வேர்டிங்கை எடுத்து மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை எண்ணுவார்கள், ஃப்ளோட்டரில் இரண்டு பேருக்கும் எப்படிப் பிரிக்கிறார்கள். விளம்பரத்தில் "30% வரை" என்று இருக்கும், அந்த "வரை" எப்படி வருகிறது என்பது இந்த மூன்றிலும்தான் இருக்கிறது.

செல்வம் (திருப்பூர்)

பார்த்தேன் மேடம். ஒரு நாளில் 10 ஆயிரம் ஸ்டெப் போனால் ஒரு ஆக்டிவ் டே. 270 நாள் போனால் 30%, 210 போனால் 20%, 150 போனால் 10%, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பாலிசி தொடங்கியதிலிருந்து முதல் 300 நாள் மட்டும்தான் கணக்கு. பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்த்து சராசரி எடுப்பார்களாம். அடிப்படை பிரீமியத்தில்தான், ரைடருக்குக் கிடையாது.

கீதா ர.

அப்படியானால் கணக்கு இப்படித்தான் வரும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆகஸ்ட் 1-லிருந்து 300 நாள் என்றால் மே 27-ல் முடிகிறது. ரின்யூவல் நோட்டீஸ் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பதால் கடைசி இரண்டு மாதத்தை எண்ணுவதில்லை, நிறைய பாலிசியில் இந்த மாதிரிதான். நீங்கள் இணைத்த அக்டோபர் 1-க்குள் 61 நாள் போய்விட்டது. மிச்சம் 239. அதாவது 30% என்பது ஆப்பைத் திறந்த அன்றைக்கே உங்களுக்கு இல்லை.

இன்றிலிருந்து மே 27 வரை 178 நாள். ஒரு நாள்கூட விடாமல் நடந்தாலும் 178-ம் 20-ம் சேர்த்து 198. ஆக 20% ஸ்லாபும் எட்டாது. மிச்சம் இருப்பது 10% மட்டும், அதற்கு இன்னும் 130 நாள் வேண்டும். நான்கு நாளில் மூன்று நாள் நடந்தால் போதும், உங்களுக்கு அது கஷ்டமில்லை.

இப்போது பணம். அடிப்படை 22,000. உங்களுக்கு 10%, மனைவிக்கு பூஜ்யம், சராசரி 5%. கைக்கு வருவது 1,100 ரூபாய். நடக்க வேண்டிய 130 நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு எட்டரை ரூபாய், டீ செலவுக்கே தேறாது. மனைவியும் சேர்ந்தால் இன்னொரு 1,100 வரும், ஆனால் அவர் இன்றிலிருந்து தொடங்கி 178-ல் 150 நாள் முடிக்க வேண்டும். 28 நாளுக்கு மேல் தவறினால் அவ்வளவுதான். அதற்காக 2,500-க்கு வாட்ச் வாங்குவது இந்த வருஷத்துக்கு நஷ்டம்.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 1 காலையிலேயே இரண்டு பேர் போனையும் இணைத்துவிட்டால் கதை வேறு. 270 நாள் என்பது பத்து மாதத்தில் 30 நாள் மட்டும் தவறலாம் என்ற அர்த்தம். ஒரு காய்ச்சல், ஊர்ப் பயணம், மழை, சிங்க் ஆகாத நாலைந்து நாள் என்று அது கரைந்துவிடும், அந்த ஸ்லாபைத் தொட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 210 ஆகக்கூடிய விஷயம். இருவருக்கும் 20% என்றால் 4,400. அப்போது வாட்சைப் பற்றி யோசியுங்கள்.

நடைராஜா, ஜிஎஸ்டி கணக்கு பழசு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் அதில் குறைய எதுவுமில்லை.

மணிமாறன்

வாட்ச் பிரச்சினைக்கு வருகிறேன், எனக்கும் இதேதான் நடந்தது. இன்சூரன்ஸ் ஆப் உங்கள் வாட்சைப் பார்ப்பதே இல்லை, போனில் இருக்கும் சென்சார் எண்ணியதைத்தான் எடுக்கிறது. ஷிஃப்டில் போனை லாக்கரில் வைக்கிறீர்களா? அப்படியென்றால் அந்த 4 ஆயிரம் நீங்கள் வேலைக்குப் போக வர நடந்தது.

போனில் Settings திறந்து மேலே தேடும் இடத்தில் Health Connect என்று போடுங்கள். ஆண்ட்ராய்டு 14-லிருந்து உள்ளேயே இருக்கும், பழைய போன் என்றால் பிளே ஸ்டோரில் எடுக்க வேண்டும். அங்கே App permissions போய் வாட்சின் ஆப்புக்கு ஸ்டெப்ஸ் எழுத அனுமதி, இன்சூரன்ஸ் ஆப்புக்குப் படிக்க அனுமதி, இரண்டும் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் முதலாவது அணைந்திருக்கும். அடுத்து Data sources and priority என்ற பட்டியலில் வாட்ச் ஆப்பை மேலே இழுத்து வையுங்கள். கடைசியாக இரண்டு ஆப்புக்கும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில போன்கள் ராத்திரியில் பின்னணி ஆப்புகளைக் கொன்றுவிடும்.

கையால் டைப் செய்து சேர்க்கிற ஸ்டெப்பை என் பாலிசியில் எடுத்துக்கொள்ளவில்லை, அந்த வழி வேண்டாம்.

செல்வம் (திருப்பூர்)

அண்ணா, லாக்கர் விஷயம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! ஆமாம், உள்ளே போன் அனுமதி இல்லை. வாட்ச் ஆப்புக்கு அனுமதி அணைந்தே இருந்தது. போட்டுவிட்டேன். பழைய நாட்கள் திரும்ப ஏறுமா?

மணிமாறன்

ஒரு ஆப்புக்கு முதல்முறை அனுமதி கொடுத்த நாளிலிருந்து பின்னோக்கி 30 நாள் வரைதான் அது Health Connect-ல் சாதாரணமாகப் படிக்க முடியும். வாட்ச் ஆப் பழையதை எழுதுகிறதா என்பதும், நிறுவனத்தின் சர்வர் எத்தனை நாள் பழையதை ஏற்கும் என்பதும் தனி. எனக்கு ஒரு வாரம்தான் வந்தது.

உமா லேப்

செக்கப் பற்றி நான் சொல்கிறேன், டயக்னாஸ்டிக் சென்டரில் வேலை பார்க்கிறேன். இந்த இலவச பேக்கேஜ்களில் எங்களிடம் வருவது பெரும்பாலும் சிபிசி, யூரின், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின், ஒரு இசிஜி. மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பல பேக்கேஜில் இருப்பதில்லை. உங்கள் குடும்பத்தில் சர்க்கரை இருப்பதால் அதை மட்டும் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே ஊசியில் முடியும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 என்றால் எல்லைக்கோடு, 126-ம் அதற்கு மேலும் என்றால் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

வந்தவுடன் "சார் இன்னும் 1,500 போட்டால் முழு உடலும் பார்த்துவிடலாம்" என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். சொல்லச் சொல்லி எங்களுக்கு டார்கெட் உண்டு, நீங்கள் மறுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பாலிசி வருஷத்தின் கடைசி மாதம் வரை தள்ளாதீர்கள், அடுத்த வருஷத்துக்குச் சேர்த்து வைக்க முடியாது.

நடைராஜா

அதெல்லாம் சரி மேடம், ரிப்போர்ட் நேராக நிறுவனத்துக்குப் போகுமா போகாதா? அதைச் சொல்லுங்கள்.

உமா லேப்

கேஷ்லெஸ்ஸில் வந்தால் எங்களிடமிருந்து அவர்களுக்கும் ஒரு காப்பி போகும். மறைக்க ஒன்றுமில்லை.

கீதா ர.

போகட்டுமே. ரின்யூவலில் தனி ஒருவரின் உடல்நிலையையோ க்ளெய்மையோ காட்டி பிரீமியத்தை ஏற்ற விதியில் இடமில்லை, ஏற்றினால் அந்தத் திட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும்தான் ஏற்ற முடியும். கவரேஜ் தொகையைக் கூட்டச் சொன்னால் அந்தக் கூடுதலுக்கு மட்டும் மறுபடி பரிசீலிப்பார்கள். முன்பே இருந்த நோய் என்பது பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்தது அல்லது சிகிச்சை, ஆலோசனை பெற்றது. இப்போது முதல்முறையாகத் தெரியவந்தால் அது அந்த வரையறைக்குள் வராது.

ஆனாலும் நடைராஜா பயத்தில் ஒரு துளி நியாயம் இருக்கிறது. பாலிசி எடுத்து நாலே மாதத்தில் சர்க்கரை மிக அதிகமாக வந்தால், பிற்பாடு பெரிய க்ளெய்மில் "உங்களுக்கு முன்பே தெரிந்திருக்குமே" என்று பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்டுக் குடைவார்கள். சீட்டு இல்லாதவருக்கு அது தலைவலி மட்டும். செல்வம் படிவத்தில் உண்மையாக எழுதியிருந்தால் போய்வரலாம். வெளியே பார்த்துவிட்டு வாயை மூடுவதுதான் ஆபத்து. பின்னால் வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அவர்கள் கேட்பார்கள், தெரிந்தும் மறைத்தால் க்ளெய்ம் மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

மாறுவது என்று வந்ததால் சொல்கிறேன். சேர்ந்த தள்ளுபடி அதே நிறுவனத்தில் ரின்யூ செய்தால்தான் கிடைக்கும். அடுத்த ஆகஸ்டில் உங்களுக்கு 41, பல திட்டங்களில் அது அடுத்த வயது அடுக்கு. பிரீமியம் ஏறினால் இந்த 1,100 அதில் காணாமல் போகும். அதனால் வேறு பாலிசியோடு ஒப்பிடும்போது தள்ளுபடி இல்லாத விலையை வைத்துப் பாருங்கள்.

செல்வம் (திருப்பூர்)

நன்றி மேடம், மணிமாறன் அண்ணா. சனிக்கிழமை காலைக்கு செக்கப் பதிவு போட்டாயிற்று, ஹெச்பிஏ1சி சேர்த்து. வாட்ச் வாங்கவில்லை. நவம்பர் ஸ்டெப்புகள் இன்சூரன்ஸ் ஆப்பில் இப்போது தெரிகிறது, ஆனால் ஆக்டிவ் டே இன்னும் 20-லேயே நிற்கிறது. கஸ்டமர் கேரில் "ஸ்டெப் தெரிந்தால் ஏறிவிடும் சார்" என்கிறார் ஒருவர், "பழையது ஏறாது" என்கிறார் இன்னொருவர்.

கீதா ர.

போனில் பேசியதை விடுங்கள். வாட்ச் ஆப், இன்சூரன்ஸ் ஆப் இரண்டிலும் ஒரே நாளின் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குறைதீர்ப்பு மெயிலுக்கு அனுப்பி புகார் எண் வாங்குங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் தளமான Bima Bharosa-வில் போடலாம். நவம்பர் முழுக்க ஏறினால் உங்களுக்கு 210 மறுபடி எட்டும் தூரத்துக்கு வரும், அதனால் மெயில் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஏற்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது, வேர்டிங்கில் பழைய டேட்டா பற்றி ஏதாவது வரி இருந்தால் இங்கே போடுங்கள்.

நடைராஜா

அப்படியே ஒரு சந்தேகம், டிரெட்மில்லில் நடந்தால் வாட்ச் எண்ணுமா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன், பாதிதான் காட்டுகிறது.

மணிமாறன்

கையை விடுங்க பாஸ். கை வீசினால்தான் அது எண்ணும்.