நோட்டீஸ் வருவதற்குள் பழைய வருஷ ரிட்டர்ன்கள்: எந்த வருஷத்தை முதலில் போட்டோம் (ஆகஸ்ட் 2025)

வைகைக்கரை:
என் வீட்டுக்காரர் கட்டட இன்ஜினியர். டிசைன் போட்டுக் கொடுப்பார், சைட் பார்ப்பார். வரவு செலவு என் பொறுப்பு. முன்னாடி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த பெரியவர் 2020-ல் தொழிலை விட்டுவிட்டார். அதற்கப்புறம் அப்படியே நின்றுபோனது. வீட்டுக் கடனுக்குப் போனபோது பேங்கில் மூன்று வருஷ ரிட்டர்ன் கேட்டார்கள், அப்போதுதான் எடுத்துப் பார்த்தோம். அசெஸ்மென்ட் இயர் 2021-22 முதல் 2024-25 வரை நாலு வருஷம் காலி, நடப்பு வருஷம் தனி. நோட்டீஸ் எதுவும் இன்னும் வரவில்லை.

முதல் வேலையாக நாலு வருஷத்துக்கும் வரித்துறையிடம் இருக்கும் நம் வரவு, டிடிஎஸ் பட்டியல்களான 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் இறக்கி, பேங்க் பாஸ்புக்கோடு வரி வரியாக ஒப்பிட்டேன். 26ஏஎஸ்ஸில் ஒரு லட்சம் என்றிருந்தால் பாஸ்புக்கில் 90,000 இருக்கும், மீதி டிடிஎஸ். அது சுலபம். சொந்த வீடு கட்டுகிறவர்கள் கொடுத்த பணம்தான் வேலை வைத்தது. அவர்கள் டிடிஎஸ் பிடிப்பதில்லை, அதனால் அந்தப் பணம் பாஸ்புக்கில் மட்டும்தான் இருக்கிறது. இன்னொரு சிக்கல்: ஒரு கம்பெனி மார்ச் பில்லை மார்ச்சிலேயே கணக்கில் ஏற்றி டிடிஎஸ் கட்டிவிட்டது, பணம் கைக்கு வந்தது ஏப்ரலில். ரசீதை ஒரு வருஷத்திலும் டிடிஎஸ்ஸை இன்னொரு வருஷத்திலும் காட்டினால் இடிக்கும் என்று இரண்டையும் ஒரே வருஷத்தில் வைத்தோம்.

வருமானத்தை 44ஏடிஏ பிரிவுப்படி ரசீதில் பாதி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டதில் வந்தது இது:

2021-22: கொரோனா வருஷம். ரசீது 6 லட்சம், வருமானம் 3 லட்சம், வரி இல்லை. டிடிஎஸ் 30,000 பிடித்திருக்கிறார்கள் (அந்த வருஷம் 7.5 சதவீதம்தான்). அதாவது பணம் நமக்குத்தான் வரணும்.
2022-23: டிடிஎஸ் போக 14,200 கட்டணும்.
2023-24: டிடிஎஸ் போக 25,000 கட்டணும்.
2024-25: ரசீது 13 லட்சம், வருமானம் ஆறரை லட்சம். புது முறையில் 7 லட்சம் வரை ரிபேட் என்பதால் வரி இல்லை, டிடிஎஸ் 45,000 திரும்ப வரணும்.

எந்த வருஷத்தை முதலில் போடுவது என்பதில்தான் வீட்டில் ஒரே வாக்குவாதம். நாங்கள் செய்ததைப் பிறகு சொல்கிறேன், இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

மளிகை மச்சான்:
இதில் யோசிக்க என்ன இருக்கு? பழசிலிருந்து வரிசையாத்தான் போடணும். நடுவில் ஒரு மாசம் விட்டுட்டு அடுத்ததைப் போட போர்ட்டலே விடாது. என் கடைக்கு நான் அப்படித்தான் ஒவ்வொண்ணா முடிச்சேன். லேட் ஃபீஸ் வேற தினக்கணக்கில்.

பேரேடு:
மச்சான், நீங்கள் சொல்வது ஜிஎஸ்டி. அங்கே 3பி-யை மாச வரிசையில்தான் போட முடியும், மூன்று வருஷம் தாண்டினால் போடவே முடியாது என்றும் இப்போது வந்துவிட்டது. வருமான வரியில் ஒவ்வொரு வருஷமும் தனி. 2023-24-ஐப் போட்டுவிட்டு 2022-23-க்கு வரலாம். பழைய வருஷத்துத் தேய்மானமோ நஷ்டமோ அடுத்த வருஷத்துக்குப் போகிறது என்றால்தான் வரிசை முக்கியம். 44ஏடிஏ-வில் அந்தத் தொல்லை கிடையாது.

ஆடிட்டர் ஆபீஸில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் என் வரிசையைச் சொல்கிறேன். முதலில் நடப்பு வருஷம், 2025-26. செப்டம்பர் 15 வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் போட்டால் லேட் ஃபீஸும் கூடுதல் வரியும் இல்லை, பழைய முறை வேண்டுமா புது முறை வேண்டுமா என்ற உரிமையும் கையில் இருக்கும். பழைய பாக்கியை முடித்துவிட்டு இதற்கு வரலாம் என்று இருந்துவிட்டு இதையும் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது கணக்கில் இன்னொரு வருஷம் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அடுத்து, கட்ட வேண்டிய வருஷங்கள். இதற்குத்தான் ஐடிஆர்-யூ, கெடு தாண்டியபிறகு கூடுதல் வரி கட்டிப் போடுகிற ரிட்டர்ன். அசெஸ்மென்ட் இயர் முடிந்த முதல் 12 மாசத்தில் வரி, வட்டி இரண்டின் மேலும் 25 சதவீதம் கூடுதல், அடுத்த வருஷம் 50, அதற்கடுத்து 60, கடைசியில் 70. இந்த வருஷ பட்ஜெட்டுக்கு முன்னால் இரண்டு வருஷத்தோடு கதவை மூடிவிடுவார்கள், இப்போது நாலு. படி ஏறுவது எல்லா வருஷத்துக்கும் ஒரே தேதியில், மார்ச் 31 தாண்டினால்.

மேடம், உங்கள் விஷயத்தில் 2022-23 முதலில் போகணும். காரணம் சதவீதம் இல்லை, 148ஏ நோட்டீஸ். விடுபட்ட வருமானத்துக்காகப் பழைய வருஷத்தை ஏன் மறுபடி திறக்கக் கூடாது என்று கேட்பது அது. விடுபட்ட வருமானம் 50 லட்சத்துக்குக் கீழே என்றால், அசெஸ்மென்ட் இயர் முடிந்து மூன்று வருஷத்துக்குள்தான் அந்த நோட்டீஸ் அனுப்ப முடியும். 2022-23-க்கு அது 2026 மார்ச் 31-ல் முடிகிறது. காலாவதி ஆகப்போகிற வருஷத்தைத்தான் டிபார்ட்மென்ட் கடைசி மாசங்களில் அள்ளிப்போட்டு அனுப்பும். ஜனவரிக்கு மேல் எங்கள் ஆபீஸ் போன் ஓயாது. அசெஸ்மென்ட் நடக்கிற வருஷத்துக்கு ஐடிஆர்-யூ போட முடியாது. அதனால் இதை ஆறப்போடாதீர்கள்.

லீவு லெட்டர்:
எனக்குப் போன வருஷம் எஸ்எம்எஸ்ஸும் மெயிலும் வந்துச்சு, "நீங்கள் பெரிய பரிவர்த்தனை செய்திருக்கிறீர்கள், ரிட்டர்ன் போடவில்லை" என்று. ரெண்டு கம்பெனி மாறினதில் ரெண்டு பேருமே தனித்தனியா வரி விலக்குக் கொடுத்திருந்தாங்க. நோட்டீஸ் வந்தாச்சு, இனி ஐடிஆர்-யூ கிடையாது என்று விட்டுட்டேன். போச்சா?

பேரேடு:
போகவில்லை தம்பி. அது இ-கேம்பெயின், நினைவூட்டல் மாதிரி. நோட்டீஸ் என்றால் பிரிவு எண்ணும் டிஐஎன் எண்ணும் இருக்கும், போர்ட்டலில் e-Proceedings-க்குள் உட்கார்ந்திருக்கும். அங்கே ஒன்றும் இல்லை என்றால் இன்றைக்கே போடலாம். கம்ப்ளையன்ஸ் போர்ட்டலில் அந்தச் செய்திக்குப் பதிலும் கொடுத்துவிடுங்கள்.

வைகைக்கரை:
பேரேடு சார், கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் போனோம், ஆனால் உங்கள் காரணம் எங்களுக்குத் தெரியாது. 60 சதவீதமாயிற்றே, அதை முதலில் ஒழிப்போம் என்றுதான் 2022-23-ஐ எடுத்தோம். நடப்பு வருஷத்தை முடித்துவிட்டு இந்த மாசமே இரண்டு ஐடிஆர்-யூவும் போட்டாயிற்று.

2023-24 கணக்கைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ரசீது 18 லட்சம், வருமானம் 9 லட்சம். அந்த வருஷத்துக்குப் புது முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் கேட்டிருக்கணும், அதனால் பழைய முறைதான். அதில் ஒரு நல்லது, எல்ஐசி, பிபிஎஃப் எல்லாம் சேர்த்து 80சி-யில் ஒன்றரை லட்சம் கழிந்தது. ஏழரை லட்சத்துக்கு செஸ்ஸோடு வரி 65,000. டிடிஎஸ் 40,000 போக 25,000. இதற்கு 234ஏ வட்டி 25 மாசம், 6,250. 234பி 29 மாசம், 7,250. 234சி 250. வட்டி மட்டும் 13,750. வரியும் வட்டியும் சேர்ந்த 38,750-ல் பாதி, 19,375 கூடுதல் வரி. லேட் ஃபீஸ் 5,000. மொத்தம் 63,125. இதையே ஏப்ரல் 2026-க்குத் தள்ளியிருந்தால் 60 சதவீதமும் எட்டு மாச வட்டியும் சேர்ந்து 73,400 ஆகியிருக்கும். 2022-23-க்கு 14,200 பாக்கிதான், கட்டியது 45,000-க்கும் மேலே.

செலான் கட்டும்போது அசெஸ்மென்ட் இயரைப் பெட்டியில் இரண்டு தடவை பாருங்கள். நிதியாண்டு 2022-23-ல் வந்த வருமானத்துக்கு அசெஸ்மென்ட் இயர் 2023-24 என்று தேர்ந்தெடுக்கணும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரே மூச்சில் கட்டும்போது கண் மாறிப்போகும். இன்னொன்று, ஒரு வருஷத்துக்கு ஐடிஆர்-யூ ஒரே ஒரு தடவைதான். விட்டுப்போன ரசீது பிறகு கிடைத்தாலும் திருத்த முடியாது. அதனால்தான் பாஸ்புக்கோடு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேன்.

கடைசி பெஞ்ச்:
அக்கா, 2021-22-ஐ விட்டுட்டீங்களே. அதுக்குத்தானே 2026 மார்ச்சோட கதவு மூடுது? முதல்ல அதைத்தானே போட்டிருக்கணும்?

வைகைக்கரை:
அது ரீஃபண்டு வருஷம் தம்பி. ஐடிஆர்-யூவில் ரீஃபண்டு கேட்க முடியாது. 2024-25-ம் அப்படியே. இரண்டுக்கும் வேறு வழி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு. போர்ட்டலில் Services, அதில் Condonation Request.

பேரேடு:
119(2)(பி) மனு. அசெஸ்மென்ட் இயர் முடிந்து ஐந்து வருஷம் வரை தரலாம், முன்னாடி ஆறாக இருந்தது, 2024 அக்டோபரில் குறைத்துவிட்டார்கள். 2021-22-க்கு 2027 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. ஒரு கோடி வரை பிரின்சிபல் கமிஷனரே முடிவு செய்வார், ஆறு மாசத்துக்குள் பைசல் செய்யப் பார்க்கணும் என்று சர்க்குலர் சொல்கிறது. ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது. மனு ஏற்றபிறகுதான் ரிட்டர்ன் போடணும், முந்திக்கொண்டு போட்டால் எடுத்துக்கொள்ளாது. "மறந்துவிட்டோம்" என்று ஒரு வரியில் எழுதினால் தள்ளிவிடுவார்கள். பெரியவர் விலகியது, கொரோனா, மருத்துவச் சீட்டு ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் தேதியோடு வையுங்கள்.

கடைசி பெஞ்ச்:
அப்போ 2021-22-ல் ரீஃபண்டு இல்லாமல், கட்ட வேண்டிய பாக்கி இருக்கிறவன்? நான் அந்த ஆள். 12 லட்சம் வருமானம், டிடிஎஸ் கம்மி. மூணு வருஷம் தாண்டியாச்சு, 148ஏ வராது என்று நீங்களே சொல்றீங்க. 70 சதவீதம் எதுக்குக் கட்டணும்?

பேரேடு:
நோட்டீஸ் வராது என்பதும் பாக்கி இல்லை என்பதும் ஒன்றில்லை. வேண்டுமென்றே ரிட்டர்ன் போடாததற்கு 276சிசி என்று வழக்குப் பிரிவு ஒன்று தனியாக இருக்கிறது. விடுபட்டது 50 லட்சத்தைத் தொடாது என்று உங்கள் சொத்து வாங்கல், டெபாசிட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தீர்களா என்பது அடுத்த கேள்வி. கட்டச் சொல்வேன். கட்டாமல் விட்ட கட்சிக்காரர்களும் எனக்கு உண்டு, ராத்திரி தூங்குகிறார்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

லீவு லெட்டர்:
ஒரு சந்தேகம் சார். 2022-23-க்கு ஜனவரியில் 148ஏ வந்துட்டா, பதில் கொடுக்கிறதுக்குள்ள ஐடிஆர்-யூ போட்டுடலாமா? 36 மாசம் தாண்டி வந்த 148ஏ-வுக்குத்தான் தடை என்று சட்டத்தில் தனியா எழுதியிருக்காமே.

பேரேடு:
சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 36 மாசத்துக்குள் வந்த 148ஏ-வை "நிலுவையில் இருக்கும் மறு மதிப்பீடு" என்று கொள்வதா, 148 நோட்டீஸ் வந்தபிறகுதான் அப்படியா என்பதில் எங்கள் ஆபீஸிலேயே இரண்டு கட்சி. நான் போடலாம் என்கிற கட்சி, என் சீனியர் வேண்டாம் என்கிற கட்சி.

மளிகை மச்சான்:
ஜிஎஸ்டி-யே தேவலாம் போலிருக்கு.

வைகைக்கரை:
2021-22 மனுவுக்குக் காகிதம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பெரியவர் எப்போது தொழிலை விட்டார் என்று அவர் மகனிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறோம். பேரேடு சார், இரண்டு வருஷத்துக்கும் தனித்தனி மனுவா, ஒரே மனுவில் இரண்டையும் எழுதலாமா?

பேரேடு:
வருஷத்துக்கு ஒன்று. 2021-22 முதலில். 2024-25-க்கு 2030 மார்ச் வரை இருக்கிறது, முதல் மனுவில் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்ததை எழுதுங்கள்.