மொன்சாவில் பின்புறம் நிற்கவில்லை: கியரா, இறக்கையா?

வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து எழுதுகிறேன். கிரான் டுரிஸ்மோ 7 விளையாட்டில், மொன்சா தடத்துக்காக பிஎம்டபிள்யூ எம்6 ஜிடி3 காரைச் சரிசெய்ய இரண்டு வாரமாக முயல்கிறேன். ஓட்டுவது ஸ்டியரிங்கில் அல்ல, பிளேஸ்டேஷன் 5 கட்டுப்பாட்டுக் கருவியில்தான்.

முதலில், பிரதான நேர்ப்பாதையில் முன்னால் செல்லும் காரின் காற்று மறைவில் போகும்போது, பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே ஆறாம் கியர் எல்லையைத் தொட்டு வேகம் நின்றுவிட்டது. இறுதி கியர் விகிதத்தை 4.100இலிருந்து 3.850 ஆகக் குறைத்தேன். அது தீர்ந்தது, ஆனால் சிக்கேன்களிலிருந்து வெளியேறும்போது கார் சோம்பேறியானது. இழந்த நேரத்தை மீட்க, முன்புறத்தைத் தொடாமல் பின் இறக்கையின் கீழழுத்தத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். அன்று தொடங்கியதுதான் உண்மையான தொல்லை.

இப்போது அஸ்காரியிலும் பரபோலிக்காவிலும் பின்சக்கரங்கள் வழுக்குகின்றன. பின்புற ஆன்டி ரோல் பாரை இரண்டு படி மென்மையாக்கியதில் பரபோலிக்காவில் ஓரளவு பிடிப்பு வந்தது. ஆனால் முதல் சிக்கேனுக்கு அதிவேகத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்புறம் இன்னும் ஆடுகிறது. மெதுவான லெஸ்மோ வளைவுகளில் அந்த அளவுக்குச் சிக்கல் இல்லாததால், சஸ்பென்ஷனைவிடக் கீழழுத்தச் சமநிலையையே சந்தேகிக்கிறேன்.

பின் இறக்கையைப் பழைய அளவுக்குத் திருப்பாமல், முன்புறக் கீழழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் இந்த வழுக்கல் நிற்குமா?