பல்லிக்கு ஒரு தகவல் தாள்: உங்கள் வகுப்பில் என்ன நடந்தது?

கோப்பாய் ரீச்சர்
தரம் 4 சுற்றாடல் பாடத்துக்கு விலங்குத் தகவல் தாள் ஒன்று செய்தேன். ஒரு ஏ4 தாளில் நாலு பெட்டி: வாழிடம், உணவு, உடலுறுப்புகள், ஆச்சரியமான ஒன்று. முதல் தரம் "விரும்பின விலங்கை எடுங்கோ" என்று விட்டது என் பிழை. அரைவாசிப் பிள்ளைகள் சிங்கம். எல்லாச் சிங்கமும் காட்டில் வாழும், இறைச்சி உண்ணும், காட்டுக்கு ராசா. சிங்கம் கூடுதலாகப் புல்வெளியில்தான் இருக்கும் என்று ஒருவரும் எழுதவில்லை. கண்டிருந்தால்தானே!

அடுத்த தரம் எல்லாருக்கும் பல்லி. "இரவு ஏழு மணிக்கு லைற்றுக்குக் கீழே பத்து நிமிசம் நின்று பாருங்கோ" என்றேன். வாழிடத்தில் "வீடு" என்ற ஒற்றைச் சொல் போய், "ரியூப் லைற்றுக்குப் பின்னால், பகலில் சாமிப்படத்துக்குப் பின்னால்" என்று வந்தது. உணவுப் பெட்டியை "பிடித்தது", "விட்டுவிட்டது" என்று இரண்டாகப் பிரித்தேன். ஒரு பிள்ளை "சின்ன அந்து பிடித்தது, பெரிய வண்டை விட்டுவிட்டது" என்று எழுதியிருந்தாள். பாடப்புத்தகத்தில் "பூச்சிகள்" என்றுதான் இருக்கும்.

உடலுறுப்புகள்தான் சரிவரவில்லை. தலை, கால், வால் என்று அம்புக்குறி போட்டுவிட்டு எழும்பிவிடுகிறார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?

சாவகச்சேரி அப்பா
என்ர மகனுக்கும் இதே மாதிரி வந்தது. காலில பசை இருக்கு, அதாலதான் சுவரில ஒட்டுது எண்டு நானே சொல்லிக் குடுத்தன். ஆச்சரியப் பெட்டியில அதைத்தான் எழுதினவன்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், நெல்லியடி
தம்பி, ஒட்டுது எண்டது சரி, பசை எண்டது பிழை. பசை எண்டால் அது நடந்த சுவரில ஈரமாத் தடம் இருக்கவேணும், தூசியும் காலில அப்பிப்போம். விரலுக்குக் கீழே வரிவரியா மடிப்பு இருக்கு. அந்த மடிப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள், ஒவ்வொரு மயிரின்ர நுனியும் இன்னும் நுண்ணியதாப் பிரிஞ்சிருக்கும். அவ்வளவும் சுவரை நெருங்கித் தொடுறதாலதான் பிடிப்பு. காலை எடுக்கேக்க விரல் நுனியை மேல்பக்கமாச் சுருட்டி உரிச்சு எடுக்கும்.

ரீச்சர், பல்லி யன்னல் கண்ணாடிக்கு வெளியில நிக்கேக்க பிள்ளையளை உள்ளுக்கால பாக்கச் சொல்லுங்கோ. விரல் மடிப்பு தெரியும். பெண் பல்லியெண்டால் சில நேரம் வயித்துக்குள்ள ரெண்டு வெள்ளை முட்டையும் தெரியும். உறுப்பின்ர பெயரை மட்டும் கேளாமல், "இந்த உறுப்பு என்ன செய்யுது?" எண்டு பக்கத்தில ஒரு கோடு விடுங்கோ. பெயர் நாலு போதும்.

மானிப்பாய் அக்கா
எங்கட குசினியில பல்லி சரியான தொல்லை. முட்டைக்கோது வைச்சால் ஓடுமாம், உண்மையோ?

சாவகச்சேரி அப்பா
அக்கா, இது பிள்ளையளின்ர தாள் பற்றின கதை 😄 நான் வைச்சுப் பாத்தன், கோதுக்கு மேலயே ஏறி இருந்தது.

வட்டுக்கோட்டை பயிற்சி ஆசிரியை
எங்கள் வகுப்பில் ஆச்சரியப் பெட்டி முழுக்க "வால் அறுந்தால் திரும்ப வளரும்". எல்லாரும் ஒன்றையே எழுதினால் அதில் என்ன ஆச்சரியம்? அதனால் பெட்டிக்குக் கீழே "உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு பெடியன் தன் வீட்டுப் பல்லி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் கீறினான். ஒன்றின் வாலில் சின்னச் சின்ன முள் வளையம், மற்றதில் பாதி வரைக்கும் முள், பிறகு வழுவழு, நிறமும் வேறு. "இது புதுவால்" என்று எழுதியிருந்தான்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், நெல்லியடி
சரியாப் பாத்திருக்கிறான். முதல் வாலுக்குள்ள எலும்பு, திரும்ப வளர்ந்ததுக்குள்ள குருத்தெலும்புதான். ஆனால் வாலை அறுத்துப் பாக்க எவனும் வெளிக்கிடாமல் தாளிலேயே ஒரு வரி போடுங்கோ. பல்லி கொழுப்பை வாலிலதான் சேமிக்குது, அதுக்குப் பெரிய நட்டம்.

கோப்பாய் ரீச்சர்
எப்படித் தெரியும் என்ற வரி நல்லது. ஆனால் அந்த நுண்மயிரைப் பிள்ளை எப்படிக் காணும்? அப்போ அது பெட்டிக்குள் வரக்கூடாதா?

வட்டுக்கோட்டை பயிற்சி ஆசிரியை
என் எண்ணம், வரக்கூடாது. கண்டதுதான் முதலில்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், நெல்லியடி
எனக்கு அது ஒத்துவராது. "ஐயா சொன்னவர்" எண்டு எழுதட்டும், அதுவும் ஒரு பதில்தான்.

கோப்பாய் ரீச்சர்
நேற்று உறுப்புக்குப் பக்கத்தில் கோடு விட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு நேரே ஒரு பிள்ளை: "இமை இல்லை. நாக்கால் கண்ணை நக்குது. நித்திரைக்கு எப்படி மூடும்?" இமை இல்லாததால் மூடாது என்று சொன்னேன். நம்பவில்லை. இன்றைக்குப் பகல் சாமிப்படத்தைத் தூக்கிப் பார்க்கப் போகிறாளாம். தாயிடம் ஏச்சு வாங்கினால் நான் பொறுப்பில்லை.